தொப்பை, சோர்வு, டெஸ்டோஸ்டிரோன்: முடிச்சை எந்த முனையில் அவிழ்ப்பது?

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் மூன்று குறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். பெல்ட்டில் ஒரு துளை தள்ளிவிட்டது. மதியத்துக்கு மேல் உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மனைவியிடம் முன்பிருந்த நாட்டம் இல்லை. சிலர் இதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் டெஸ்டோஸ்டிரோன் குறைவைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, ஊசி போட்டால் மூன்றும் சரியாகிவிடும் என்று நம்புவார்கள். பெரும்பாலான ஆண்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரு சுழல் இது. அதை உடைக்க எளிதான இடம் டெஸ்டோஸ்டிரோன் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

என் நண்பர் ஒருவரின் கணக்கை வைத்தே இதைச் சொல்கிறேன். வயது 47, உயரம் 174 செ.மீ., எடை 92 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு, வயிறாரச் சாப்பிட்ட பிறகு, யாரையும் கேட்காமல் தானே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 218 நானோகிராம் என்று வந்தது. ஆரோக்கியமான, உடல் பருமன் இல்லாத இளைஞர்களுக்கான அளவு ஏறத்தாழ 264 முதல் 916 வரை. தாளைப் பார்த்ததும் மனிதர் ஆடிப்போய்விட்டார். அன்று இரவே என்னைக் கூப்பிட்டு, எந்த ஊசி நல்லது என்று கேட்டார்.

சுழல் எப்படிச் சுற்றுகிறது

தொப்பையில் இரண்டு வகைக் கொழுப்பு இருக்கிறது. விரலால் பிடித்து இழுக்க முடிவது தோலுக்கு அடியில் இருப்பது. அது அவ்வளவு தொல்லை தராது. குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து உள்ளே படியும் கொழுப்புதான் இங்கே பிரச்சினை. அது சும்மா கிடப்பதில்லை. கொழுப்புச் செல்களில் அரோமட்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரோஜனாக மாற்றும். ஆணுக்கும் கொஞ்சம் எஸ்ட்ரோஜன் தேவைதான். ஆனால் மூளை தன் கட்டுப்பாட்டுக்கு அளந்து பார்ப்பதில் அதுவும் ஒன்று. அது கூடினால், விரைகளுக்கு இனி வேலை வேண்டாம் என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். என்ற ஏவல் ஹார்மோன் குறைகிறது, விரைகளும் உற்பத்தியைக் குறைக்கின்றன. எஸ்ட்ரோஜன் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்கொழுப்பிலிருந்து கசியும் அழற்சிப் பொருள்களும், உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையும்கூட மூளையின் அந்த ஏவலை மங்க வைக்கின்றன.

அடுத்த கண்ணி கல்லீரலில். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை. பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடும் அல்புமினோடும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. ஒட்டாமல் சுதந்திரமாக ஓடுவது ஏறத்தாழ 2 சதவீதம்தான். தொப்பை உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இன்சுலின் அதிகமாகவே இருக்கும், கல்லீரலிலும் கொழுப்பு ஏறியிருக்கும். அப்போது கல்லீரல் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைவாகத்தான் தயாரிக்கும். வண்டி குறைந்தால் வண்டியில் இருப்பவர்களும் குறைவாகத்தான் தெரிவார்கள்; மொத்தக் கணக்கு இறங்கிவிடும். ஆனால் சுதந்திரமாக ஓடும் பங்கு ஏறக்குறைய அப்படியே இருக்கலாம். இது நினைவில் இருக்கட்டும், நண்பரின் தாளில் இதுதான் நடந்திருந்தது.

இனி மறுபக்கம். டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்தால் தசை மெலியும், கொழுப்பு வயிற்றுப் பக்கமாகப் போய்ச் சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறுத்தால் இன்சுலின் இன்னும் கூடும், தொப்பை இன்னும் வளரும். சோர்வால் நடமாட்டம் குறையும். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடும், தூக்கம் துண்டு துண்டாகும். டெஸ்டோஸ்டிரோன் கூடுவதே தூக்கத்தில்தான். இப்படித்தான் ஒவ்வொன்றும் அடுத்ததன் கையைப் பிடித்துச் சுற்றுகிறது.

இதில் வயதின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. வயதால் வருவது ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டிய மெதுவான இறக்கம். உடல் பருமன் அதைவிடப் பெரிய பள்ளத்தைத் தோண்டுகிறது. வயதைத் திருப்ப முடியாது, பள்ளத்தை நிரப்ப முடியும்.

முதல் படி: இடுப்பை அளப்பது

எடைத்தட்டு தசைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் சொல்லாது. அதனால் ஒரு அளவுநாடா வாங்கிக்கொள்ளுங்கள். பேன்ட் அளவை வைத்து இடுப்பைச் சொல்லாதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுகிறவர்களுக்கு அது பல சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். விலாவின் கடைசி எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் அளவைப் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, நாடா தோலை அழுத்தவும் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், வாரம் ஒரே நாளில் அளந்தால் போதும்.

எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். நண்பருக்கு அது 87 செ.மீ. அவருக்கு இருந்தது 106.

இதோடு இன்னும் இரண்டைக் குறித்து வைக்கச் சொன்னேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது ஒன்று, அவருக்கு 11. வாரத்தில் எத்தனை காலைகளில் தானாக விறைப்பு வருகிறது என்பது இன்னொன்று; ஒன்றோ பூஜ்யமோ என்றார். கூச்சப்படாமல் இதைக் குறிக்க வேண்டும். "சோர்வாக இருக்கிறது" என்பதற்கு நூறு காரணம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனோடு நெருங்கிய தொடர்புள்ள அறிகுறி இதுதான்.

இரண்டாம் படி: ரத்தம் சரியாகக் கொடுப்பது

மாலை நான்கு மணி, வயிறு நிறைய சாப்பாடு: நண்பர் செய்த தவறு இரண்டும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும். சாப்பாடும் அதை இறக்கும். 75 கிராம் குளுகோஸ் கரைசலைக் குடித்தாலே சராசரியாகக் கால்பங்கு இறங்கிவிடுவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். அதனால் காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். அதற்கு முந்தைய இரவு ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும். காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று உடம்பு எதிலிருந்தாவது தேறிக்கொண்டிருந்தால் சில வாரம் தள்ளிப்போடுங்கள். முடி, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆய்வகத்தில் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில வகைப் பரிசோதனைக் கருவிகளில் அது அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையிலும் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு தாளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மொத்த டெஸ்டோஸ்டிரோனோடு எஸ்.எச்.பி.ஜி., அல்புமின், எல்.எச். மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சோர்வுக்கு வேறு காரணங்களைத் தேட, ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாத சர்க்கரைச் சராசரி, பி12 ஆகியவற்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். ரத்தசோகையையோ தைராய்டு குறைவையோ விட்டுவிட்டு டெஸ்டோஸ்டிரோனைத் துரத்திக்கொண்டிருந்தால் மாதங்கள் வீணாகும்.

நண்பர் இரண்டு காலைகளில் கொடுத்தார். 268, 256, சராசரி 262. மாலைத் தாளைவிட 44 கூடுதல், ஆனாலும் குறைவுதான். எஸ்.எச்.பி.ஜி. 16, அதாவது மிகவும் கீழே. இந்த இரண்டையும் அல்புமினையும் வைத்துச் சுதந்திர டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிடலாம். மருத்துவர்கள் இதற்கு ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். அவருக்கு லிட்டருக்குச் சுமார் 250 பிகோமோல் வந்தது.

இதை எதோடு ஒப்பிடுவது? ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான 3,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. நடுவயதுக்குப் பிறகு வரும் உண்மையான டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று சொல்ல அவர்கள் வைத்த அளவுகோல் இது: மொத்தம் ஏறத்தாழ 320-க்குக் கீழே, சுதந்திரமானது 220 பிகோமோலுக்குக் கீழே, அதோடு காலை விறைப்பு குறைவு, நாட்டக் குறைவு, விறைப்புக் குறைபாடு மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது ஏறத்தாழ 2 சதவீத ஆண்களே தேறினார்கள். நண்பரின் மொத்தம் கோட்டுக்குக் கீழே, சுதந்திரமானது கோட்டுக்கு மேலே. அவருக்கு ஆண்மை போகவில்லை. தொப்பை அவருடைய கல்லீரலை அழுத்தியிருந்தது, தாளில் தெரிந்தது அதன் நிழல்.

எல்.எச். என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். மிக உயர்ந்திருந்தால் கோளாறு விரைகளிலேயே இருக்கிறது. இரண்டுமே குறைவாகவோ, எல்.எச். சாதாரணமாகவோ இருந்தால் ஏவல் மூளையிலிருந்து மங்கலாக வருகிறது. தொப்பையால் வருவது பெரும்பாலும் இந்த வகை. ஆனால் ஓபியாய்டு வலி மாத்திரைகள், நீண்டநாள் ஸ்டீராய்டு, ஜிம்மில் போட்ட அனபாலிக் ஊசிகள், பிட்யூட்டரிக் கட்டி ஆகியவையும் இதே மாதிரித் தாளைத் தரும். டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே போயிருந்தால், அல்லது தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால், மார்பு வீங்கினால், மார்பில் பால் கசிந்தால், விரைகள் சுருங்கினால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். விறைப்புக் குறைபாடு புதிதாக வந்திருந்தால் இதயத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். அங்கே இருக்கும் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை என்பதால், அடைப்பின் முதல் அறிகுறி சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தெரிந்துவிடலாம்.

மூன்றாம் படி: தூக்கம், எல்லாவற்றுக்கும் முன்னால்

எல்லோரும் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் தூக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். தூக்கம் கெட்டவனுக்குப் பசி கூடும், உடற்பயிற்சிக்கு எழ மனம் வராது. அவனிடம் போய் உணவைக் குறை என்று சொல்வதில் பயனில்லை. 2011-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கியது. ஒரே வாரத்தில்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: நான் குறட்டை விடுகிறேனா? இதற்குப் பதில் உங்களிடம் இருக்காது, பக்கத்தில் படுப்பவரிடம் இருக்கும். குறட்டை நடுவில் நின்று, சில விநாடி அமைதி, பிறகு திணறி ஒரு பெருமூச்சு என்று அவர் சொன்னால் அது தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, பகலில் உட்கார்ந்தபடியே கண் சொக்குவது, மாத்திரைக்குக் கட்டுப்படாத ரத்த அழுத்தம் ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும். வீட்டிலேயே ஒரு இரவு கருவி மாட்டிக்கொண்டு சோதித்துவிடலாம்.

நண்பரின் மனைவி அந்தத் திணறலைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒரு நோய் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சோதனையில் மணிக்கு 24 முறை மூச்சு அடைபடுவது தெரிந்தது. 15-க்கு மேல் போனாலே மிதமான நோய் என்கிறார்கள். இரவில் காற்றழுத்த முகமூடி மாட்டத் தொடங்கினார். முதல் பத்து நாள் பிடுங்கி எறிந்தார். மூக்கை மட்டும் மூடும் சிறிய வகைக்கு மாறிய பிறகு பழகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் மதியச் சோர்வு பாதியாகக் குறைந்தது. அப்போது அவருடைய டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருக்க வாய்ப்பில்லை. முகமூடி மட்டுமே அதை ஏற்றுவதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் தெம்பு வந்தது. அந்தத் தெம்புதான் அடுத்த இரண்டு படிகளுக்குத் தேவைப்பட்டது.

மூச்சடைப்பு இல்லாதவர்களுக்கு வேலை எளிது. எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாமல் வைத்து, அதிலிருந்து ஏழரை மணி நேரம் பின்னோக்கி எண்ணிப் படுக்கைக்குப் போக வேண்டும். மதுவைத் தூக்க மருந்தாக நினைக்கிறவர்கள், அது தூங்க வைத்துவிட்டு இரண்டாம் பாதி இரவைக் கெடுப்பதையும், தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சடைப்பை மோசமாக்குவதையும் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: தசை

இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் இதைத் தொடங்கலாம். நோக்கம் கொழுப்பை எரிப்பது அல்ல, சர்க்கரையை வாங்கும் கிடங்கைப் பெரிதாக்குவது. வாரத்தில் இரண்டு நாள் போதும், மூன்று நாள் என்றால் நல்லது. நடுவில் ஒரு நாள் இடைவெளி வேண்டும். ஐந்து அசைவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரையோ மேசையையோ தள்ளுவது, எடையைத் தன் பக்கம் இழுப்பது, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடை தூக்குவது, இரு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. முதல் நான்கையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று செய்யுங்கள். நடையை அரை நிமிடம், இரண்டு சுற்று.

எவ்வளவு எடை என்பதைத்தான் புதியவர்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி முறை முடிக்கும்போது இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்று தோன்ற வேண்டும். ஐந்து முறை பாக்கி இருப்பதாகத் தோன்றினால் தசைக்கு வளரக் காரணமே இல்லை. ஒன்றுகூட முடியாது என்றால் அதிகம். பன்னிரண்டு முறை சுலபமாகிவிட்டால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தமோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

மற்ற நாள்களில் ஓட வேண்டியதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சர்க்கரை ஏறும் நேரத்தில் கால் தசை வேலை செய்தால் அந்த ஏற்றம் சிறிதாகும், இன்சுலினும் குறைவாகச் சுரக்கும். நண்பருக்கு இருந்ததிலேயே எளிதாகப் பிடித்துக்கொண்ட பழக்கம் இதுதான். மதியம் நடந்தபடியே தொலைபேசி அழைப்புகளை முடித்துவிடுவார்.

ஐந்தாம் படி: உணவைக் கொஞ்சமாகக் குறைப்பது

கொஞ்சமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பட்டினி கிடந்தால் பஞ்சம் வந்துவிட்டதாக உடல் எடுத்துக்கொள்ளும். பஞ்சத்தில் உடல் முதலில் நிறுத்தும் செலவுகளில் இனப்பெருக்கமும் ஒன்று. எடை இறங்கும்போதே எல்.எச்.சும் டெஸ்டோஸ்டிரோனும் சரியும், தசையும் போகும். அதனால் நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் போதும், வாரத்துக்கு அரை கிலோ இறங்கும்.

முதலில் தட்டில் புரதத்தை வையுங்கள். முட்டை, மீன், இறைச்சி, பால் பொருள்கள், பருப்பு, பயறு, எது உங்களுக்கு ஒத்துவருமோ அது. அடைய நினைக்கும் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராமிலிருந்து தொடங்கலாம். நண்பர் 80 கிலோவைக் குறி வைத்தார், ஆகவே நாளுக்குச் சுமார் 96 கிராம், வேளைக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேல். பிறகு காய்கறி. மாவுச்சத்தைக் கடைசியில், வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இனிப்புப் பானங்களை முற்றிலும் விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருந்தளவைப் பேசிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம்.

எங்கே வழுக்கும்

நண்பருக்கு ஆறாவது வாரத்தில் எடை நின்றுவிட்டது. 88.5 கிலோவில் மூன்று வாரம் அசையவில்லை. எல்லாம் வீண் என்று சொன்னவரிடம் நாடாவை எடுக்கச் சொன்னேன். அதே மூன்று வாரத்தில் இடுப்பு 2 செ.மீ. இறங்கியிருந்தது. கொழுப்பு போய்க்கொண்டிருந்தது, தசையும் நீரும் அந்த இடத்தில் ஏறியிருந்தன. இடுப்பும் எடையும் சேர்ந்து நான்கு வாரம் அசையாவிட்டால்தான் உணவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பத்தாவது வாரத்தில் அவசரப்பட்டு இரவு உணவை நிறுத்திவிட்டு, வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார். எடை வேகமாக இறங்கியது. ஆனால் திரும்பி வந்திருந்த காலை விறைப்பு மறுபடி மறைந்தது, கைகால் சில்லிட்டன, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். குறைப்பு அளவு மீறிவிட்டதன் அடையாளம் இது. இரண்டு வாரம் இரவு உணவைத் திரும்ப வைத்து, பயிற்சியை மூன்று நாளாக்கியதும் சரியாயிற்று. முதல் படியில் அந்தக் கூச்சமான கணக்கை எழுதி வைத்திருந்ததால்தான் இதை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது.

டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று விற்கப்படும் குப்பிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வாங்காதீர்கள். சிலவற்றில் அட்டையில் எழுதாத ஹார்மோன் கலந்திருக்கும். அது உங்கள் சொந்த உற்பத்தியையே நிறுத்திவிடும்.

ஆறாம் படி: திரும்ப அளப்பது

மூன்று மாதத்துக்கு முன்பே ரத்தம் கொடுக்காதீர்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கிய பிறகு, அந்த எடையில் சில வாரம் நிலைத்த பிறகு கொடுப்பது நல்லது. இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பட்டினியின் நிழல் விழலாம். அதே ஆய்வகம், அதே காலை நேரம்.

நண்பர் ஏழாவது மாதத்தில் கொடுத்தார். எடை 81 கிலோ, இடுப்பு 95, நாற்காலி எழுச்சி 19, காலை விறைப்பு வாரத்தில் நான்கு. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 371, எஸ்.எச்.பி.ஜி. 26. மொத்தத்தில் 109 கூடியிருக்கிறது. ஆனால் சுதந்திரப் பங்கைக் கணக்கிட்டால் 250-லிருந்து ஏறத்தாழ 295. அதாவது மொத்தம் நாற்பது சதவீதம் ஏறியதில், உண்மையான ஏற்றம் இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே; மீதி கல்லீரல் தேறி வண்டிகள் கூடியதால் வந்தது. ஐரோப்பிய ஆண்களைத் தொடர்ந்து பார்த்ததிலும் இப்படித்தான் தெரிந்தது. கொஞ்சம் எடை குறைந்தால் பெரும்பாலும் எஸ்.எச்.பி.ஜி.யும் அதோடு மொத்தமும் ஏறுகின்றன. எல்.எச்.சும் சுதந்திரப் பங்கும் நன்றாக ஏற எடையில் 15 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. நண்பர் இறக்கியது 12. இடுப்பும் 87-க்கு வரவில்லை. அதனால் அவர் இன்னும் விடவில்லை. உணவாலும் பயிற்சியாலும் மட்டும் இந்த அளவு இறங்காதவர்கள் எடைக் குறைப்பு மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசியோ ஜெல்லோ யாருக்கு

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு காலைகளில் மொத்தமும் சுதந்திரப் பங்கும் குறைவாகவே இருந்து, பாலியல் அறிகுறிகளும் தொடர்ந்தால் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. விரைகளே பழுதாகி எல்.எச். உயர்ந்திருப்பவர்களுக்கு இவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்து போக வேண்டும். 65 வயதைத் தாண்டிய, அளவு குறைந்த ஆண்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. பாலியல் நாட்டம் ஓரளவு கூடியது. சோர்வில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தெம்புக்காக ஊசி கேட்பவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-இல் வந்த ஆஸ்திரேலியச் சோதனையில், எடைக் குறைப்புத் திட்டத்தோடு இரண்டு ஆண்டு ஊசியும் போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. போலி ஊசி போட்டவர்களில் 21 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ரத்தம் தடித்து, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தொட்டது. 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-இல் வந்த சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடின.

குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் எல்.எச். அணைந்துவிடும், விந்தணு உற்பத்தி நின்றே போகலாம். நிறுத்திய பிறகு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அவர்களுக்கு விரைகளைத் தூண்டும் வேறு மருந்துகள் இருக்கின்றன. கடுமையான மூச்சடைப்புக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள், ஏற்கெனவே ரத்தம் தடித்திருப்பவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம்.

தொடங்கினால் மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் ஹெமட்டோக்ரிட், புராஸ்டேட்டைக் கண்காணிக்க உதவும் பி.எஸ்.ஏ., டெஸ்டோஸ்டிரோன் அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். ஹெமட்டோக்ரிட் 54-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு, ஏன் என்று தேட வேண்டும். அளவு நன்றாக ஏறியும் ஆறு மாதத்தில் காலை விறைப்பிலோ நாட்டத்திலோ மாற்றம் இல்லையென்றால், உங்கள் குறைக்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் அல்ல என்று அர்த்தம். அப்போது நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.